பத்து நாள் சளி, இப்போது இடது கண் வீங்கி மூடிவிட்டது. 7 வயதுப் பையன். திங்கள்வரை காத்திருக்கலாமா?

மர்ஃபிடவுன்_கவிதா | சனி, இரவு 8.50

பையனுக்கு 7 வயது, 22 கிலோ. பத்து நாளாகச் சளி. முதலில் தண்ணியாக ஒழுகியது, அப்புறம் கெட்டியாக மஞ்சளும் பச்சையுமாக வந்தது. வியாழன் அன்று காய்ச்சல். நேற்றுக் காலை இடது மேல் இமை கொஞ்சம் தடித்திருந்தது. பக்கத்து கிளினிக்கில் ஆண்டிபயாட்டிக் சிரப்பும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள், மூன்று வேளை கொடுத்தாயிற்று. இன்று சாயங்காலம் இமை செக்கச்செவேல் என்று வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. காய்ச்சல் 102.4. நெற்றி வலிக்கிறது என்கிறான், ஒரு தடவை வாந்தியும் எடுத்தான். கண் டாக்டரிடம் திங்கள் காலைதான் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை சிரப்பையே தொடரலாமா? வீட்டுக்காரர் ஊரில் இல்லை, மாமியாரும் நானும்தான் இருக்கிறோம்.

ஜெயலட்சுமி_அல்சூர் | இரவு 8.58

கண்கட்டியா இருக்கும்மா, உஷ்ணம்தான். நாமக்கட்டியை இழைச்சு இமை மேல பத்துப் போடு. எங்க வீட்ல எல்லாக் குழந்தைக்கும் அதுதான் போட்டோம், மூணாம் நாள் உடைஞ்சு சரியாயிடும்.

சேகர்_மெடிக்கல்ஸ் | இரவு 9.04

ஜெயா அம்மா, கண்கட்டிக்கு இவ்ளோ காய்ச்சல் வராதுங்க. கவிதா மேடம், சளியோட இமை வீங்குறது பசங்களுக்கு வர்றதுதான். பெரும்பாலும் இமைத் தோல்லயே நிக்குற இன்ஃபெக்‌ஷன், வாய்வழி மருந்துலயே அடங்கிடும். எந்த ஆண்டிபயாட்டிக்கும் வேலை காட்ட 48 மணி நேரம் வேணும். நேத்துதானே ஆரம்பிச்சீங்க? காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்துட்டு நாளைக்கு ராத்திரி வரை பாருங்க. கடையில இருபது வருஷமா பாக்குறேன்.

கண்மருத்துவர்_ஜெயநகர் | இரவு 9.11

கவிதா, திங்கள்வரை வேண்டாம். சேகர் சொல்வது இமையின் முன்பக்கத்தோடு நிற்கும் தொற்றுக்குச் சரி. இவனுக்கு அது பின்னால் போய்விட்டதா என்பதுதான் கேள்வி. அது வீக்கத்தின் அளவை வைத்துத் தெரியாது, கண்ணைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். கையைக் கழுவிவிட்டு ஒரு நிமிடத்தில் இதைச் செய்யுங்கள்.

இரண்டு விரலால் மேல் இமையையும் கீழ் இமையையும் மெதுவாக விலக்குங்கள். விழியை அழுத்த வேண்டாம், விரல் எலும்பு விளிம்பின் மேல் இருக்கட்டும். தலையை மாமியார் அசையாமல் பிடித்துக்கொள்ள, உங்கள் விரலைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் நகர்த்தி அவனைக் கண்ணால் தொடரச் சொல்லுங்கள். வலது கண் போகும் தூரம் இடது கண் போகிறதா, போகும்போது வலிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அவன் தலைக்குப் பின்னால் நின்று மேலிருந்து பாருங்கள், இடது விழி முன்னால் தள்ளியிருக்கிறதா என்று. கடைசியாக ஏதாவது சிவப்புப் பொருளை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டி, இரண்டிலும் ஒரே சிவப்பா என்று கேளுங்கள்.

திறக்கவே முடியாத அளவு வீக்கம் என்றால் முயற்சி வேண்டாம். அதுவே இன்றிரவு ஆஸ்பத்திரிக்குப் போகக் காரணம்.

மர்ஃபிடவுன்_கவிதா | இரவு 9.24

பார்த்துவிட்டேன் டாக்டர். வலது பக்கம், அதாவது மூக்கைப் பார்க்கச் சொன்னால் இடது கண் பாதியில் நின்றுவிடுகிறது. "வலிக்குது" என்று கத்துகிறான். மேலிருந்து பார்த்தால் இடது கண் கொஞ்சம் வெளியே வந்த மாதிரிதான் தெரிகிறது. வெள்ளை விழி தண்ணீர் கோத்து உப்பியிருக்கிறது. சிவப்புக் கப்பைக் காட்டினேன், இரண்டும் ஒரே மாதிரி என்கிறான்.

கண்மருத்துவர்_ஜெயநகர் | இரவு 9.27

இப்போதே கிளம்புங்கள். விழி அசையாததும் வெளியே தள்ளுவதும் தொற்று கண்குழிக்குள் இருப்பதன் அறிகுறிகள். சிவப்பு சமமாகத் தெரிவது நல்லது. பார்வை நரம்பு நெரிபட ஆரம்பித்தால் சிவப்புதான் முதலில் மங்கும், எழுத்து தெரிவது அதற்கப்புறம்தான் குறையும்.

தனிக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். குழந்தைகள் பிரிவு, கண், காது மூக்கு தொண்டை, ராத்திரி சி.டி. ஸ்கேன் நான்கும் ஒரே இடத்தில் வேண்டும். அரசு என்றால் கே.ஆர். மார்க்கெட் பக்கம் வாணி விலாஸ், விக்டோரியா, மிண்டோ மூன்றும் ஒரே மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிகள், பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் பக்கம் பெரிய தனியார் ஆஸ்பத்திரி இருந்தால் போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். கேஷுவல்ட்டியில் "கண் வீக்கம்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "சைனஸ் இன்ஃபெக்‌ஷனுக்கு அப்புறம் கண் அசைய மாட்டேன் என்கிறது, வாந்தி, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். இனிமேல் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம். குடித்த சிரப் பாட்டிலை எடுத்துப் போங்கள்.

ராஜேஷ்_செம்பூர் | இரவு 10.15

அக்கா, பயப்படாதீங்க. என் பொண்ணுக்கு இதே மாதிரி மும்பையில் வந்தது, அப்போ அவளுக்கு 11 வயசு. ராத்திரியோட ராத்திரியா மூக்கு வழியா ஆபரேஷன் பண்ணிச் சீழ் எடுத்தாங்க. இப்போ பார்வை அப்படியே இருக்கு. ஆபரேஷன் சொன்னா யோசிக்காம சரின்னு சொல்லுங்க, தள்ளிப் போடாதீங்க.

மர்ஃபிடவுன்_கவிதா | ஞாயிறு, காலை 7.40

இரவு பதினொன்றரைக்கு அட்மிட் செய்தார்கள். ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, ஸ்கேனுக்கு முன்பே முதல் ஊசி போட்டுவிட்டார்கள். அதிகாலையில் மருந்து ஏற்றி சி.டி. எடுத்தார்கள். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடது சைனஸ் முழுக்க அடைத்திருக்கிறதாம். அதை ஒட்டிக் கண்குழியின் உள்சுவரில், எலும்புக்கும் அதன் மேல் சவ்வுக்கும் இடையில் 4 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீழ் மாதிரி ஏதோ சேர்ந்திருக்கிறது. விழி 3 மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்கிறது. மூளைப் பக்கம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

செஃப்ட்ரியாக்ஸோன் 1.1 கிராம் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, வான்கோமைசின் 330 மில்லிகிராம் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, மெட்ரோனிடசோலும் உண்டு. காது மூக்கு டாக்டர் "ஆபரேஷனுக்குத் தயாராக இருங்கள்" என்கிறார். கண் டாக்டர் "48 மணி நேரம் பார்க்கலாம்" என்கிறார். சீழ் இருக்கிறது என்று தெரிந்தும் ஏன் காத்திருக்க வேண்டும்? ராஜேஷ் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு உள்ளுக்குள் உதறுகிறது.

சேகர்_மெடிக்கல்ஸ் | காலை 8.20

நல்ல வேளை ராத்திரியே போனீங்க மேடம். டாக்டர் சார், ஒரு சந்தேகம். லினசோலிட் மாதிரி சில மருந்து வாயில கொடுத்தாலும் ஊசி அளவுக்கே ரத்தத்துல ஏறும்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. அப்போ இந்தக் குழந்தைக்கு ஊசிதான்னு ஏன் இவ்ளோ கட்டாயம்? ஒரு நாளைக்கு இத்தனை தடவை ஊசி ஏத்துறது சின்னப் பையனுக்குப் பாவம் இல்லையா?

கண்மருத்துவர்_ஜெயநகர் | காலை 9.05

சேகர், லினசோலிட் பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் சைனஸிலிருந்து வரும் கிருமிகள் எல்லாவற்றையும் அது பிடிக்காது. நிமோகாக்கஸ், ஸ்டாஃப் ஆகியவற்றைப் பிடிக்கும், ஹீமோஃபிலஸை நம்பகமாகப் பிடிக்காது. செஃப்ட்ரியாக்ஸோன் வாய்வழி மருந்தாகவே கிடையாது. வாய்வழி ஆக்மென்டின் ரத்தத்தில் ஏறும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு, அதே மருந்தை ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால் அதைவிட மிக அதிகமாக, உடனே ஏறும். இந்தப் பையன் வாந்தி வேறு எடுக்கிறான், உள்ளே போன சிரப்பில் எவ்வளவு தங்கியது என்று யாருக்குத் தெரியும்? இங்கே மணிக்கணக்குதான் முக்கியம். கண்குழி நான்கு பக்கமும் எலும்பு. உள்ளே வீங்கினால் முன்னால் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. விழி தள்ளும் அளவுக்குமேல் அழுத்தம் ஏறினால் நரம்பும் ரத்தக்குழாயும் நெரிபடும்.

கவிதா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சைனஸுக்கும் கண்ணுக்கும் இடையில் இருக்கும் எலும்பு காகிதத்தைப் போல மெல்லியது. அதன் லத்தீன் பெயரின் பொருளே அதுதான். அதில் பிறவியிலேயே சிறு இடைவெளிகள் உண்டு, ரத்த நாளங்கள் ஊடே போகும் துளைகளும் உண்டு. அந்தப் பக்கத்து நாளங்களில் வால்வு கிடையாது, அதனால் ரத்தம் இரு பக்கமும் போகலாம், கிருமியும் கூடப் போகும். அப்படி வந்த சீழ் எலும்பை ஒட்டிய சவ்வைத் தூக்கிக்கொண்டு அதன் அடியில் தங்குகிறது. இப்போதைக்கு அந்தச் சவ்வு அதைத் தடுத்து வைத்திருக்கிறது, கண்குழிக் கொழுப்புக்குள் விடவில்லை.

உடம்பில் வேறெங்கும் சீழ் என்றால் கீறி எடு என்பதுதான் பழக்கம். இங்கே மட்டும் ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளில், சீழ் சிறியதாக, மூக்குப் பக்கத்துச் சுவரில் மட்டும் இருந்து, பார்வை நன்றாக இருந்தால், பலருக்கு மருந்திலேயே வற்றிவிடுகிறது. சின்ன வயதில் அந்தச் சீழில் பெரும்பாலும் ஒரே வகைக் கிருமிதான் இருக்கும், சிலரிடம் எதுவும் வளரவே செய்யாது. வயது ஏற ஏற, காற்றில்லாமல் வளரும் கிருமிகளும் சேர்ந்து பல வகையாகிவிடும். அவற்றை ஊசி மட்டும் அடக்குவது கடினம். ராஜேஷின் மகளுக்கு 11 வயது, அவளுக்கு உடனே அறுவை செய்தது சரி. உங்கள் மகனுக்கு 7. இரண்டும் ஒரே நோய்தான், முடிவு வேறு.

இந்தக் காத்திருப்பு சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. சில மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு கண்ணாலும் பார்வை, சிவப்பு, டார்ச் அடித்துக் கண்மணி, விழி அசைவு எல்லாம் பார்க்க வேண்டும், ராத்திரியும்தான். இரண்டு கண்மணிக்கும் மாற்றி மாற்றி வெளிச்சம் காட்டும்போது இடது மணி சுருங்காமல் விரிந்தால் அப்போதே தியேட்டர், 48 மணி நேரம் என்ற பேச்சே கிடையாது. பார்வை குறைந்தாலும் அப்படித்தான். எதுவும் மோசமாகாமல், அதே சமயம் 48 மணிக்குள் எதுவும் தேறவும் இல்லை என்றால் மறுபடி ஸ்கேன் எடுத்து முடிவு செய்வார்கள். காது மூக்கு டாக்டர் தயாராக இருக்கச் சொன்னதும் கண் டாக்டர் பார்க்கலாம் என்றதும் முரண்பாடு இல்லை. இரண்டு பேரும் ஒரே கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

மேரி_வார்டு | காலை 10.30

கவிதாம்மா, நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். வான்கோமைசின் ஏறும்போது முகம், கழுத்து, நெஞ்சு சிவந்து அரிக்கலாம். அது வேகமாக ஏறினால் வருவது, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடணும். சிவந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்க, நிறுத்திவிட்டு மெதுவாகத் திரும்ப ஓட்டுவாங்க. மூச்சு இழுத்தாலோ உதடு வீங்கினாலோ அது வேற விஷயம், சத்தம் போட்டே கூப்பிடுங்க. மூத்திரம் எவ்வளவு போறான்னு எழுதி வைங்க, இந்த மருந்துக்குக் கிட்னி பார்த்துக்கணும். ரத்தத்தில் மருந்து அளவு, கிரியாட்டினின் இரண்டும் எடுப்பாங்க, "திரும்பத் திரும்ப ஏன் குத்துறீங்க"ன்னு சண்டை போடாதீங்க.

ராத்திரி கண்ணைப் பார்க்க எழுப்பினால் அழுவான். பரவாயில்லை, எழுப்ப விடுங்க. தூங்குறான் பாவம்னு ஒரு அம்மா எங்களைத் திருப்பி அனுப்பினாங்க, அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்கு மனசே ஆறலை.

சுதா_ஒயிட்ஃபீல்ட் | காலை 11.02

இதைப் படித்து எனக்கும் பயம் வந்துவிட்டது. என் மகனுக்கு 4 வயது. ஒரு வாரமாகக் காலையில் எழுந்ததும் இரண்டு கண் இமையும் உப்பியிருக்கிறது, மத்தியானம் குறைந்துவிடுகிறது. காய்ச்சல், வலி, சிவப்பு எதுவும் இல்லை. சளி லேசாக இருந்தது. அவனுக்கும் ஊசி போடச் சொல்லிக் கேட்கவா?

கண்மருத்துவர்_ஜெயநகர் | காலை 11.20

சுதா, இது அந்த நோய் மாதிரித் தெரியவில்லை. சைனஸ் தொற்று எப்போதும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு கண்ணைத்தான் பிடிக்கும், வலியும் சிவப்பும் இருக்கும். வலியில்லாமல் இரண்டு இமையும் காலையில் உப்புவதற்கு அலர்ஜி ஒரு காரணம். இன்னொன்று சிறுநீரில் புரதம் போவது. நாளைக்கே குழந்தை டாக்டரிடம் காட்டி, காலை முதல் மூத்திரத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கால், வயிறு உப்பியிருக்கிறதா, மூத்திரம் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மர்ஃபிடவுன்_கவிதா | ஞாயிறு, இரவு 9.15

டாக்டர், காலையில் இருந்ததைவிட வீக்கம் அதிகமாகத் தெரிகிறது. கன்னம் வரை இறங்கிவிட்டது. காய்ச்சல் மத்தியானம் 101. ஊசி பிடிக்கவில்லையா? டியூட்டி டாக்டர் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார், பதற்றத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது.

கண்மருத்துவர்_ஜெயநகர் | இரவு 9.32

முதல் நாளில் இமை வீக்கத்தை வைத்து எடை போடாதீர்கள். இமைத் தோல் தளர்வானது, படுத்தே இருப்பதால் தண்ணீர் இறங்கும். உள்ளே தேற ஆரம்பித்த பிறகும் வெளியே ஒரு நாள் கூடுவது உண்டு. முதலில் காய்ச்சல் இறங்கும், குழந்தை கொஞ்சம் விளையாட ஆரம்பிப்பான், வலி குறையும். அப்புறம் விழி அசையும். வீக்கம் கடைசியில்தான் போகும். தலைமாட்டை உயர்த்தி வையுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு சிலவற்றுக்கு. நல்லாயிருந்த வலது இமையும் வீங்கினால், தலைவலி கூடித் தூக்கக் கலக்கமாகவே கிடந்தால், வலிப்பு வந்தால், கண்ணுக்குப் பின்னால் மூளையடியில் இருக்கும் பெரிய ரத்த நாளத்தில் உறைகட்டியிருக்கலாம், அல்லது தொற்று மூளை உறைக்குப் போயிருக்கலாம். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் ரவுண்ட்ஸ்வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே சொல்லுங்கள். சிவப்புக் கப்பை இப்போது ஒரு தடவை காட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மர்ஃபிடவுன்_கவிதா | இரவு 9.40

காட்டினேன். இரண்டும் ஒரே சிவப்பு. சுவரில் இருக்கும் போர்டையும் இடது கண்ணால் படித்தான். வலது இமை சாதாரணமாக இருக்கிறது.

ராஜேஷ்_செம்பூர் | இரவு 9.55

அக்கா, என் பொண்ணுக்கு ஸ்டீராய்டும் கொடுத்தாங்க, வீக்கம் மளமளன்னு இறங்கிச்சு. கேட்டுப் பாருங்க.

மர்ஃபிடவுன்_கவிதா | திங்கள், இரவு 7.30

இன்று காலை காய்ச்சல் 99.6, மத்தியானத்துக்கு மேல் இல்லை. தானாகவே கண்ணைக் கீற்றாகத் திறக்கிறான். மூக்குப் பக்கம் முக்கால் தூரம் போகிறது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறான். தொற்றைக் காட்டும் ரத்த டெஸ்ட் சி.ஆர்.பி. 96-லிருந்து 41-க்கு வந்திருக்கிறது. காது மூக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமியார் உட்கார்ந்து அழுதுவிட்டார்கள். ஸ்டீராய்டு பற்றிக் கேட்டேன், "இன்னும் முடிவு செய்யவில்லை" என்றார்கள்.

மேரி_வார்டு | இரவு 8.05

ஆண்டவருக்கு நன்றி. எங்க வார்டில் ஊசிக்குப் பலன் தெரிஞ்ச அப்புறம் சில பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறாங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போறாங்க.

கண்மருத்துவர்_ஜெயநகர் | இரவு 9.50

நல்ல செய்தி. பக்கவாட்டில் இரண்டாகத் தெரிவது, உள்பக்கத் தசையில் வீக்கம் இன்னும் இருப்பதால். அது சில நாளில் போக வேண்டும்.

ஸ்டீராய்டில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. மருந்து பிடித்து, காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் இறங்கிய பிறகு கொடுத்தால் வீக்கம் சீக்கிரம் வடிகிறது என்று சிலர் கொடுக்கிறார்கள். என் தயக்கம் என்னவென்றால், காய்ச்சலையும் வீக்கத்தையும் அது தானே இறக்கிவிடும். அப்புறம் சீழ் உண்மையிலேயே வற்றுகிறதா, அறிகுறி மறைந்து நிற்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? உங்கள் மகன் ஊசியிலேயே தேறிவருகிறான், நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். ஆனால் என் நண்பர் ஒருவர், காது மூக்கு மருத்துவர், இதே பையனுக்குக் கொடுத்திருப்பார். அவர் தவறு செய்கிறார் என்று என்னால் சொல்ல முடியாது.

சேகர்_மெடிக்கல்ஸ் | இரவு 10.10

சார், கவுன்ட்டர்ல நின்னு கேக்குறேன். நாளைக்கு ஒரு அம்மா வந்து "இமை வீங்கியிருக்கு, சொட்டு மருந்து கொடு"ன்னா என்ன பண்ணட்டும்?

கண்மருத்துவர்_ஜெயநகர் | இரவு 10.22

குழந்தையைப் பார்க்காமல் சொட்டு மருந்து கொடுக்காதீர்கள். கண்குழித் தொற்றுக்குச் சொட்டு மருந்தால் ஒரு பயனும் இல்லை, மருந்து போடுகிறோம் என்ற நிம்மதியில் ஒரு நாள்தான் போகும். காய்ச்சலோ சளியோ இருக்கிறதா, கண் அசைந்தால் வலிக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் கடையிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

மர்ஃபிடவுன்_கவிதா | வியாழன், மாலை 5.20

இரண்டு கண்ணும் ஒரே அளவுக்குத் திறக்கிறது. இரண்டாகத் தெரிவது நின்றுவிட்டது. ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. வான்கோமைசினை நேற்றே நிறுத்திவிட்டார்கள். நாளை கடைசி ஊசி போட்டுவிட்டு, வீட்டில் ஆக்மென்டின் சிரப் இரண்டு வாரம், மூக்குக்கு உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே. எந்தக் கிருமி என்றே தெரியாமல் வான்கோமைசினை நிறுத்துவது சரியா? வீட்டுக்குப் போனபின் எதைப் பார்க்க வேண்டும்?

கண்மருத்துவர்_ஜெயநகர் | மாலை 6.45

சீழை எடுக்காத குழந்தைகளில் கிருமியின் பெயர் பல நேரம் கிடைக்காது. ரத்தக் கல்ச்சரில் வளராமல் இருப்பதுதான் வழக்கம். மருந்துக்கு எதிர்ப்புள்ள ஸ்டாஃப் இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் வான்கோமைசினை ஆரம்பத்தில் சேர்க்கிறோம். எப்போது நிறுத்துவது என்பது ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் வேறு, சிலர் ஆரம்பத்திலேயே சேர்ப்பதில்லை. நிறுத்தி ஒரு நாள் ஆகியும் காய்ச்சல் திரும்பவில்லை, அசைவு முழுதாக வந்துவிட்டது என்றால் எனக்குக் கவலை இல்லை.

வீட்டில் சிரப்பை நாள் கணக்கு முடியும்வரை கொடுங்கள், கண் சரியாகிவிட்டது என்று நடுவில் விட வேண்டாம். வாந்தி எடுத்து மருந்து தங்கவில்லை என்றால் போன் செய்யுங்கள். காய்ச்சல் திரும்பினால், இமை மறுபடி தடித்தால், பார்வை மங்கினால் கிளினிக் வேண்டாம், நேராக அதே ஆஸ்பத்திரி. சிரப் முடியும் சமயம் காது மூக்கு டாக்டரிடம் சைனஸ் திறந்திருக்கிறதா, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெரிதாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இராத்திரி வாயைத் திறந்து குறட்டை விடுகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள்.

மர்ஃபிடவுன்_கவிதா | மாலை 6.58

குறட்டை விடுவான் டாக்டர், இரண்டு வயதிலிருந்தே. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நாளை டிஸ்சார்ஜுக்கு முன்பே சொல்கிறேன்.

சுதா_ஒயிட்ஃபீல்ட் | இரவு 8.30

கவிதா, குழந்தை தேறியதில் ரொம்ப சந்தோஷம். டாக்டர், மூத்திரத்தில் புரதம் 3+ என்று வந்திருக்கிறது. நாளை குழந்தைகள் சிறுநீரக டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்கள். தனி இழை போடட்டுமா?

கண்மருத்துவர்_ஜெயநகர் | இரவு 8.41

போடுங்கள் சுதா. சிறுநீரகம் என் துறை இல்லை, அது தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ரிப்போர்ட்டோடு குழந்தையின் எடையையும் எழுதுங்கள்.